ஏ மைனர், சீ மைனர்

என் அக்காவின் கல்யாணத்தைப் பதினேழு நிமிடம் நிறுத்தி வைத்தவன் நான். முன்விரோதம் ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை தங்கமானவர். சீர்வரிசையில் தகராறு இல்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை (சாப்பாடு அப்போது அடுப்பை விட்டே இறங்கவில்லை). நான் செய்ததெல்லாம், தேவாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்தில் அழுத்தக்கூடாத சில கறுப்புக் கட்டைகளை அழுத்தியதுதான். அதுவும் முழு நம்பிக்கையோடு அழுத்தினேன். ஒரு காரியத்தைப் பாதி தெரிந்துகொண்டவனுக்கு வருகிற நம்பிக்கை, முழுக்கத் தெரிந்தவனுக்கு ஒருநாளும் வருவதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷினுக்கு ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னக் கோயிலில் ஆர்மோனியம். ஊசி உடைந்தால் துணியில் ஓட்டை விழும், ஞாயிற்றுக்கிழமை என் விரல் தவறினால் பாட்டில் ஓட்டை விழும். துணியைச் சூப்பர்வைசர் பிடித்துவிடுவார். பாட்டைப் பிடிக்க எங்கள் சபையில் ஆளில்லை. அதனால் நான் பெரிய வித்துவான் என்றே சபையும் நம்பியது, நானும் நம்பினேன்.

உண்மையான வித்துவான் எஸ்தர் அக்கா. தாராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அங்கே பாட்டு வகுப்பும் அவளே எடுப்பாள், பாட்டும் கட்டுவாள். அவளுக்குச் சோமனூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா ஞானமுத்து அவர்களுக்குப் பன்னிரண்டு பவர்லூம். கல்யாணப் பெண் கோயிலுக்குள் நடந்து வரும்போது பாடுகிற பவனிப் பாட்டைத் தானே கட்டுவது என்று அக்கா முடிவு செய்தாள். அவளோடு வேலை பார்க்கிற ஆறு டீச்சர்கள் பாடுவார்கள், நான் வாசிப்பேன். வேறு யாருக்கும் சொல்லாமல் அன்று எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்பது திட்டம்.

முதல் சரணத்தின் மெட்டை டோ, ரே, மி எழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பினாள். மூன்று சரணத்துக்கும் மெட்டின் உருவம் ஒன்றுதான். இரண்டாவது மட்டும் மைனரில் போகும் என்று சொல்லியிருந்தாள். ஒரு வாரம் கழித்து, ஞாபகப்படுத்துவதற்காக ஒரு தபால் கார்டு போட்டாள்:

"தம்பிக்கு, பேசியபடிதான். முதலில் சி. இரண்டாவது வந்ததும் மைனருக்குப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு, மூன்றாவதில் திரும்பி வந்துவிடலாம். அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். அன்புடன், எஸ்தர்."

இந்தக் கார்டைத் தபால்காரர் என் கையில் கொடுக்கும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தார். இசையில் ஆர்வமுள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக இங்கே ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் மைனர் என்றால் பட்டு ஜிப்பா, கழுத்தில் தொங்குகிற தங்கச் சங்கிலி, அத்தர் வாசனை, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத ஓர் இளம் சொத்துக்காரர். மேல்நாட்டு இசையில் மைனர் என்பது வேறு. அங்கே மேஜர், மைனர் என்று சுரவரிசைகள் இரண்டு வகை. மேஜர் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், மைனரில் மேகம் வந்துவிடும்.

எனக்கு இவ்வளவு தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒரு பாடப்புத்தகம் இரவல் வாங்கியிருந்தேன். அதில் 'பேரலல் மைனர்' என்று ஒரு அத்தியாயம். சி மேஜரின் வீட்டுச் சுரம் சி. அந்த வீட்டை மாற்றாமல் ஈ, ஏ, பி என்ற மூன்று சுரங்களை மட்டும் அரைப்படி இறக்கினால் சி மைனர் வந்துவிடும். மூன்றும் வெள்ளைக் கட்டையிலிருந்து கறுப்புக் கட்டைக்கு இறங்கும். வாசித்துப் பார்த்தேன். மேகம் வந்துவிட்டது. அக்கா சொன்ன மைனர் இதுதான், சி-யின் மைனர் சி மைனராகத்தானே இருக்க முடியும்? அடுத்த அத்தியாயத்தின் தலைப்பு 'ரிலேட்டிவ் மைனர்'. கல்யாணத்துக்கு வரப்போகிற ரிலேட்டிவ்களே போதும் என்று அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டேன். (அந்த நாலு பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஊருக்கு வந்தாள். கல்யாணப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பதால் கோயிலுக்கு வந்து கேட்க அவளுக்கு வழியில்லை. வந்த களைப்போடு கேட்டாள்.

"தம்பி, ரெண்டாவது சரணம் பழகிட்டயா? மைனர் எதுன்னு புரிஞ்சுதில்ல?"

"அக்கா, சி-ல ஆரம்பிச்சா மைனர் எதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க போய் மருதாணி வெச்சுக்குங்க."

"ஒருக்கா பாடிக் காட்டு கண்ணு."

"அன்னைக்குக் கேளுங்க. அசந்து போயிருவீங்க."

அந்த ஒரு வாக்கை மட்டும் நான் காப்பாற்றினேன்.

டீச்சர்கள் வருகிற பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஒத்திகைக்கு வைத்திருந்த ஒரு மணி நேரம் அதில் போயிற்று. அவர்கள் தலையைச் சீவியபடியே கோயிலுக்குள் ஓடி வந்து பாட்டுக்காரர் வரிசையில் நின்றபோது, வாசலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். வெள்ளைப் பட்டுச் சேலை, முகத்தை மூடிய மெல்லிய வலைத்துணி. போதகர் ஐயா எனக்குத் தலையசைத்தார்.

முதல் சரணம் பிரமாதம். சி மேஜர். முழுக்க வெள்ளைக் கட்டை. டீச்சர்கள் டோ ரே மி என்று படியேறுவது போலப் பாட, அக்கா அடி மேல் அடி வைத்து வந்தாள். சோமனூர்க் கூட்டம் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது. மாப்பிள்ளை பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் மூன்றாவது வரிசையில் ஞானமுத்து ஐயா, அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மகன் தங்கராசு. பட்டு ஜிப்பாவும் சங்கிலியுமாகக் கல்யாணத்திலேயே பளபளப்பான ஆள் அவர்தான். சோமனூரில் அவரைத் தங்கராசு என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. மைனர் என்றால்தான் தெரியும்.

இரண்டாவது சரணம். "பிறந்த வாசல் தாண்டி நான் பெயர்ந்து போகிறேன்" என்று தொடக்கம். நான் தலையைச் சிலுப்பிக்கொண்டு சி மைனரில் இறங்கினேன்.

டீச்சர்கள் ஏ மைனரில் இறங்கினார்கள்.

முதல் இரண்டு சுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஏ, பி என்று தொடங்க, நான் அதற்குச் சற்று மேலே சி, டி என்று தொடங்கினேன். ஏதோ அழகான துணைக்குரல் போல இருந்தது. நான் அக்காவின் திறமையை வியந்தேன். பிறகுதான் இடது கையில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்: சி, ஈ ஃபிளாட் (அரைப்படி இறங்கிய ஈ), ஜி. அதே நேரத்தில் டீச்சர்கள் மூன்று குரலாகப் பிரிந்து ஏ, சி, ஈ என்று நிறுத்தினார்கள். அவர்களுடைய ஈ-யும் என்னுடைய ஈ ஃபிளாட்டும் அரைப்படி இடைவெளியில் ஒன்றோடொன்று உரசின. மிஷினில் எண்ணெய் இல்லாமல் ஊசி உரசினால் ஒரு சத்தம் வரும், கேட்டவர்களுக்குப் பல் கூசும். அந்தச் சத்தம். முன்வரிசைக் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கையை எடுத்திருப்பான். நானோ, பஸ்ஸில் வந்த களைப்பில் டீச்சர்கள் சுருதி விலகிவிட்டார்கள் என்று முடிவு செய்து, அவர்களைக் காப்பாற்றுவதற்காக இன்னும் பலமாக மிதித்தேன். ஆர்மோனியத்தோடு மனிதத் தொண்டை எவ்வளவு நேரம் சண்டை போடும்? ஒவ்வொருவராக என் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் எல்லோரும் சி மைனரில் ஒன்றானோம். அது இன்னும் மோசம். இப்போது சத்தம் சுத்தமாக, கனமாக, மெதுவாக, குழிக்கு மண் தள்ளுவது போல இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, அடக்கம் யாருக்குங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பெண்கள் பக்கம் இரண்டு பேர் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள். வலைத்துணிக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"ஏ மைனர்."

எனக்குக் கேட்கவில்லை. நான்தான் மிதித்துக்கொண்டிருந்தேனே. அவள் சற்று உரக்கச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற டீச்சர் குரலில் மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தாள். சரியாக அந்த நொடியில்தான் எனக்கு ஏதோ தவறு என்று உறைத்துக் கையை எடுத்தேன். டீச்சர்களும் நிறுத்தினார்கள். ஊசி விழுந்தால் கேட்கிற அந்த அமைதியில், கல்யாணப் பெண்ணின் குரல் மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது.

"ஏ மைனர்."

மூன்றாவது வரிசையில் தங்கராசு எழுந்து நின்றார். சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த பணிவோடு கேட்டார்.

"என்னையுங்களா?"

இதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்போது ஒன்றும் வரிசையாக நடக்கவில்லை. ஒரே சமயத்தில் முப்பது பேர் பேசினார்கள். அப்பா அக்காவின் கையை விட்டுவிட்டார். மாப்பிள்ளை தங்கராசைப் பார்த்தார், தங்கராசு கூரையைப் பார்த்தார். ஞானமுத்து ஐயா எழுந்து நடுவழிக்கு வந்தார். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். 'ங்க' எத்தனை என்று எண்ணினால் ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"சம்பந்திங்க," என்றார் அப்பாவிடம். "உங்க பொண்ணுங்க எங்க தங்கராசைங்க எதுக்குங்க கூப்பிட்டாங்கன்னு சொன்னாங்கன்னா நல்லா இருக்குமுங்க."

நான்கைந்து 'ங்க' ஒரே மூச்சில். எல்லாம் என்னால் வந்தது, நான்தான் தீர்க்க வேண்டும் என்று ஆர்மோனியத்திலிருந்து குதித்து ஓடினேன்.

"ஐயா, அவரைக் கூப்பிடலீங்க. அது பாட்டுல வர்ற மைனருங்க. நானும் அக்காவும் முன்னாடியே பேசி வெச்சதுங்க. எழுத்துலயே இருக்குதுங்க, பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார்.

"முதலில் சீ. இரண்டாவது வந்ததும் மைனருக்குப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு, மூன்றாவதில் திரும்பி வந்துவிடலாம். அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்."

கார்டை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்லயே சீங்கறாங்க. அப்பறம் மைனருக்குப் போறாங்க. திரும்பி வேற வருவாங்களாமுங்க. அப்பனுக்குத் தெரியக்கூடாதாமுங்க."

(அந்தத் தபால்காரரின் பார்வை எனக்கு அப்போதுதான் புரிந்தது.)

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போதகர் ஐயா வேதாகமத்தை மூடினார். அக்கா வலைத்துணியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, என்னைக் கடந்து நேராக ஆர்மோனியத்துக்குப் போய் உட்கார்ந்தாள். கடந்து போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் நான் பிறந்த நாளிலிருந்து செய்த தப்பெல்லாம் இருந்தது. ஆனால் மாமனாரிடம் பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. சித்த இங்க வந்து நின்னு கேளுங்க. மைனர்னு பாட்டுல ரெண்டு இருக்குதுங்க. எந்தம்பி ஒண்ணு வாசிச்சுட்டான், நான் எழுதுனது இன்னொண்ணு. நான் எழுதுனதுக்குப் பேரு ரிலேட்டிவ் மைனருங்க."

"அதத்தான் கண்ணு நானும் சொல்றேன்," என்றார் ஞானமுத்து ஐயா. "தங்கராசு எங்க ரிலேட்டிவ்தான்."

யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"கண்ண மூடிக்குங்க மாமா. நான் மூணு தடவ வாசிக்கறேன். வித்தியாசம் இருக்குதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. இல்லைன்னு சொன்னீங்கன்னா நான் பொய் சொல்றேன்னு வெச்சுக்கலாம்."

அவரோ பன்னிரண்டு தறி ஓடுகிற கொட்டகையில் எந்தத் தறியில் நூலை இழுத்தோடும் நாடா தட்டுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிற மனிதர். காதுக்கு வைத்த பரீட்சையை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடினார்.

அக்கா முதல் சரணத்தின் வரியை சி மேஜரில் வாசித்து, சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்துப் பிடித்தாள். "இது பொறந்த ஊடுங்க." பிறகு அந்த மூன்றில் ஜி-யை மட்டும் ஏ-க்கு நகர்த்தினாள். சி-யும் ஈ-யும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதிலிருந்து மெட்டு ஏ-யில் தொடங்கி மெதுவாக வளர்ந்தது. எல்லாம் அதே வெள்ளைக் கட்டைகள்தான். முடிகிற இடத்தில் மட்டும் ஜி-யை அரைப்படி ஏற்றி ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டாள். அந்த ஜி ஷார்ப் 'இனிமேல் வீடு இதுதான்' என்று கையைப் பிடித்து இழுப்பது போல ஏ-யில் கொண்டுபோய் விட்டது.

"எப்பிடி இருந்துச்சுங்க?"

"எப்ப மாறுச்சுன்னே தெரியலயே. பேசிட்டே நடந்தா அடுத்த ஊரு வந்துட்ட மாதிரி," என்றார் கண்ணைத் திறக்காமல். "வருத்தமாத்தான் இருக்குது, ஆனா கெட்ட வருத்தமில்ல."

"இப்ப எந்தம்பி வாசிச்சதுங்க." மறுபடி சி, ஈ, ஜி. இந்த முறை நடுவில் இருந்த ஈ-யை மட்டும் அரைப்படி இறக்கினாள். அவ்வளவுதான். கோயிலில் ஒரு மேகம் புகுந்தது. ஞானமுத்து ஐயாவின் தோள் சட்டென்று ஒடுங்கியதை நான் பார்த்தேன்.

"இது வெளக்க அமத்துன மாதிரி இருக்குது."

"அதாங்க. இதுக்குப் பேரு பேரலல் மைனர், சி மைனர். ஊடு அதேதானுங்க, சி-ய விட்டு நகரவே இல்ல. ஆனா உள்ள இருக்கற மூணு சுரம் மாறிப் போச்சு. நாம பொறந்து வளந்த ஊட்டுலயே ஒரு ஆளு இல்லாமப் போனா எப்பிடி இருக்கும், அப்பிடி. திடீர்னு துக்கத்தக் காட்டணும்னா பாட்டுக் கட்டறவங்க இதத்தான் எடுப்பாங்க. கல்யாணத்துக்கு ஆகாதுங்க. நான் எழுதுனது ஏ மைனர். அதுல சுரமெல்லாம் அதேதான், ஒரு ஆளும் மாறல. ஊடு மட்டும் மாறுது. துக்கமில்லாம, மனசு மட்டும் கொஞ்சம் அசையணும்னா அதுக்கு இதத்தான் வெப்பாங்க. எந்தம்பிக்கு அதச் சொல்லத்தான் 'ஏ மைனர், ஏ மைனர்'னு கூப்பிட்டேன். உங்க தங்கராசு அண்ணன நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லீங்க."

(கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். சங்கராபரணத்தின் 'த'வை 'ச'வாக வைத்துக்கொண்டு அதே சுரங்களைப் பாடினால் நடபைரவி வந்துவிடும். அது அக்கா எழுதியது. 'ச'வைத் தொடாமல் 'க'வையும் 'த'வையும் 'நி'யையும் குறைத்தாலும் நடபைரவிதான், ஆனால் பழைய 'ச'விலேயே நிற்கிற நடபைரவி, நான் அடித்தது. 'நி'யை மட்டும் மறுபடி ஏற்றினால் கீரவாணி. அக்கா முடிவில் தொட்ட ஜி ஷார்ப் அந்த மாதிரி ஏற்றிய 'நி'தான். இதை எனக்கு இருபது வருஷம் கழித்து ஒருவர் சொன்னார். அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆணவமாக வாசித்திருப்பேன்.)

ஞானமுத்து ஐயா கண்ணைத் திறந்தார்.

"தறியில பாவு நூலு அதேதான், டிசைன் தொடங்கற எடம் வேற. அது உன்னுது," என்றார் மெதுவாக. "தொடங்கற எடம் அதேதான், மூணு நூலுக்கு மட்டும் சாயம் மாத்தியாச்சு. அது உந்தம்பியோடது."

"அதேதானுங்க மாமா."

"அப்ப இந்த ரெண்டாவது சரணம், நீ உங்க ஊட்ட உட்டு எங்க ஊட்டுக்கு வர்ற சரணம்."

"ஆமாங்க. ஆளு மாறாம."

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற மாப்பிள்ளை அப்போது வாயைத் திறந்தார். "அப்பா, வரட்டுங்கப்பா" என்றார். அவ்வளவுதான். அவர் இன்றைக்கும் அதிகம் பேசுகிறவர் இல்லை.

ஞானமுத்து ஐயா கார்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, அடுத்த தடவ கார்டு வேண்டாம், கவரு போடச் சொல்லு" என்றார். ஒரே ஒரு 'ங்க'கூட இல்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று கோயிலுக்கே தெரிந்தது.

"ஏனுங்க மாமா," என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். தங்கராசு அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். "நான் உக்காரலாமுங்களா?"

நான் அக்காவிடம் போய், பாட வந்த சலோமி டீச்சருக்கு ஆர்மோனியம் தெரியுமாம், அவரே வாசிக்கட்டும் என்றேன். அழுகை வந்தது, அதை மறைக்கச் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

"நீதான் வாசிக்கோணும்," என்றாள் அக்கா. "உன்னைய வெச்சுத்தான் பாட்டே கட்டுனேன். ஏ-ல தொடங்கு. முடிக்கறப்ப ஜி ஷார்ப்ப மறந்துடாத." எழுந்தவள் மறுபடி குனிந்து சொன்னாள். "இன்னொண்ணு. மூணாவது சரணத்துக்கு முன்னாடி நீ மட்டும் நாலு மாத்திரை சி மைனர் வாசி. உன்னோட அந்த இருட்டு. அப்பறம் ஜி, பி, டி மூணையும் சேத்துப் புடிச்சு நில்லு. பி-ய எறக்காம வாசி, சி மேஜருக்கும் சி மைனருக்கும் அந்த ஜி பொதுவுதான். அதுல நின்னு, ஈ-ய மேல ஏத்தி சி மேஜரத் தெற. மாமா முகத்தப் பார்த்தேன், வெளக்கு அமந்தது அவருக்கு உள்ள போயிருச்சு. அத ஏத்திக் காட்டாம உடக்கூடாது."

அவள் மறுபடி வாசலுக்குப் போனாள். வலைத்துணியை இறக்கினாள். அப்பா எழுந்து கையைக் கொடுத்தார். பவனி முதலிலிருந்து தொடங்கியது.

இரண்டாவது சரணத்தில் நான் ஏ-யில் தொடங்கியபோது டீச்சர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், பிறகு நம்பிப் பாடினார்கள். அதே கட்டைகள்தான், ஆனால் கை வேறு எங்கோ வந்துவிட்டது போல இருந்தது. இந்த முறையும் பெண்கள் பக்கம் முந்தானைகள் எழுந்தன. ஆனால் அம்மா அழுதுகொண்டே சிரித்ததை நான் பார்த்தேன். ஜி ஷார்ப்பை மறக்கவில்லை. பாட்டு நின்றது. நான் மட்டும் சி மைனரில் நாலு மாத்திரை. கால் நடுங்கியதில் ஆர்மோனியத்தின் காற்றும் நடுங்கி, சத்தம் விம்முவது போல வந்தது. (அதை நான் வேண்டுமென்றே செய்த நுணுக்கம் என்று பலர் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.) ஜி-யில் நின்றேன். ஈ-யை ஏற்றினேன்.

அந்த ஓர் அரைப்படிக்கு அவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர்கள் மூன்றாவது சரணத்தை எடுத்தார்கள், அக்கா கடைசிப் பத்து அடியை நடந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாள். ஞானமுத்து ஐயா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது, துடைத்தது வேறு எதையோ.

பந்தியில் சோமனூர்க்காரர்கள் எனக்கு இலையில் இடமே விடாமல் பரிமாறினார்கள். தங்கராசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கு எந்தக் கோபமும் இல்லை என்றும், ஒரு சந்தேகம் மட்டும் இருப்பதாகவும் சொன்னார். "தம்பி, ரெண்டுல எது ஒசத்திங்க? ஏ மைனரா, சீ மைனரா?" ஏ மைனர்தான் என்றேன். திருப்தியாகப் பாயசத்தை உறிஞ்சினார். அன்றிலிருந்து சோமனூரில் அவருக்குப் பெயரே 'ஏ மைனர்' என்று ஆகிவிட்டது. யாராவது குறும்பாகச் 'சீ மைனர்' என்றால் மட்டும் கோபித்துக்கொள்வார்.

நான் அந்த நாலு பக்கத்தை அன்று சாயங்காலமே படித்து முடித்தேன். அதன்பின் எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் வீடு எது என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. வேலையிலும்கூட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தொடங்கினேன். சூப்பர்வைசர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை அதோடு நிற்கவில்லை. அக்கா சோமனூர் போன முதல் மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. (கவரில்தான்.) ராத்திரி அழுகை வருகிறது என்று எழுதியிருந்தாள். அம்மா பதறிப்போய், உடனே போய்ப் பார்த்து வா என்று என்னைத் துரத்தினார். கடிதத்தின் கடைசி வரியை நான் படித்துக் காட்டினேன்: "பயப்படாதீர்கள், ஏ மைனர்தான்." அம்மாவுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் முகம் வாடினாலும் அடுத்தவர் கேட்கிற கேள்வி அதுதான். ஏ மைனர் என்றால் இடம் மாறிய வருத்தம், தானே பழகிவிடும், ஒரு டீ போட்டுக் கொடுத்தால் போதும். சீ மைனர் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும்.

போன வருஷம் என் மகள் கல்யாணமாகி ஓசூர் போனாள். மூன்றாம் நாள் போன் செய்தவள் பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. என் மனைவி ரிசீவரைப் பிடுங்கி, நிதானமாகக் கேட்டாள்.

"கண்ணு, எந்த மைனரு?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. "ஏ-தாம்மா. அப்பாவ பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பி வரச் சொல்லு" என்றாள்.

நான் உண்மையிலேயே ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன்.